நான்கு ஜோடிக் கம்பி, நான்கு மணி நேரம்

சுங்காயில் தாமான் வீடொன்றில் குடியிருக்கும் என் அக்காள் மகன் திருமண வீடியோ எடுப்பவர். சனிக்கிழமை இரவு விருந்து, ஞாயிறு காலை தாலி கட்டு என்று வார இறுதியில் இரண்டு வேலை இருக்கும். சனி இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினால், ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்கு மறுபடி கிளம்ப வேண்டும். அதற்குள் கேமராவின் மெமரி கார்டுகள் காலியாக வேண்டும்.

அவர் ஒரு விதி வைத்திருக்கிறார். படம் இரண்டு இடத்தில் சேர்ந்தால்தான் கார்டை அழிப்பார். ஓர் இடம், முன்னறையில் அவர் எடிட்டிங் செய்யும் கணினி. மற்றோர் இடம், பின்னறையில் துணி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய சர்வர். அதில் ஒரே தகவலை இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் எழுதும்படி அமைத்திருக்கிறார். நல்ல விதி. சில மாதங்களுக்கு முன் ஒரு சனி இரவு அந்த விதி அவரைக் கைவிட்டது. நகல் ஓடிக்கொண்டிருக்கையில் அதிகாலை இரண்டு மணிக்கு இடி விழுந்து மின்சாரம் டிரிப் ஆகிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் சர்வரில் பாதிதான் சேர்ந்திருக்கிறது. கார்டை அழிக்கவும் முடியாது, அழிக்காமல் கிளம்பவும் முடியாது. இன்னொரு படப்பிடிப்பாளரை எழுப்பி, கடன் வாங்கிய கார்டுகளில் அன்றைய வேலையை ஓட்டினார்.

"லைன் ரொம்ப ஸ்லோ மாமா. மாசம் கூடக் கட்டி இண்டர்நெட் பிளானை ஏத்திட்டேன். அப்பவும் அதேதான்" என்றார் தொலைபேசியில்.

இதைப் பலரும் செய்கிறார்கள் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னறைக் கணினியிலிருந்து பின்னறைச் சர்வருக்குப் போகும் கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. இணையச் சேவைக்கு ஆயிரம் ரிங்கிட் கட்டினாலும் அந்தப் பாதை ஒரு துளியும் வேகமாகாது. வீட்டுக்குள் ஓடும் கம்பி, அதன் இரு முனையிலுள்ள போர்ட்டுகள், நடுவில் இருக்கும் சுவிட்ச், கடைசியில் ஹார்ட் டிஸ்க். விஷயம் இவ்வளவுதான்.

நான் கேட்ட முதல் கேள்வி, ஒரு திருமணத்துக்கு எவ்வளவு கோப்பு என்பது. நான்கு மணி நேரப் படம், சுமார் 180 கிகாபைட் என்றார். நகலெடுக்க எவ்வளவு நேரம் என்றேன். "நாலு மணி நேரத்துக்கு மேல ஆகுது." அந்தப் பதிலிலேயே நோய் தெரிந்துவிட்டது. அவருடைய கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்கிறது. நான்கு மணி நேரம் எடுத்த படம் நகலாகவும் நான்கு மணி நேரம் எடுக்கிறதென்றால், கம்பியும் விநாடிக்கு 100 மெகாபிட்தான் கொண்டுபோகிறது. ஆனால் அவரது கணினியிலும் சர்வரிலும் ரௌட்டரிலும் இருப்பவை ஒரு கிகாபிட் போர்ட்டுகள். அதாவது 1000 மெகாபிட். பத்தில் ஒன்பது பங்கு எங்கேயோ காணாமல் போயிருந்தது.

அடுத்த ஞாயிறு மாலை ஈப்போவிலிருந்து சுங்காய் போனேன். வீட்டில் கால் வைத்ததும் அவர் ரௌட்டரைக் காட்டி, "லைட்டு எரியுதே மாமா, அப்புறம் என்ன?" என்று கேட்டார். லைட் எரிவது இணைப்பு இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு வேகத்தில் இருக்கிறது என்பதைக் கணினியிடம்தான் கேட்க வேண்டும். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புக்குப் போய் ஈதர்நெட்டைத் திறந்தால் `Link speed (Receive/Transmit)` என்ற வரி இருக்கும். அவர் கணினியில் அது 1000/1000 என்றிருந்தது. அந்தப் பக்கம் பிழை இல்லை. சர்வர் லினக்ஸில் ஓடுகிறது. அங்கே இப்படிக் கேட்டோம். கடைசியிலுள்ள பெயர் போர்ட்டின் பெயர். அது ஒவ்வொரு கணினியிலும் மாறும்.

```
ethtool enp2s0 | grep Speed
```

வந்த விடை `Speed: 100Mb/s`.

இது ஏன் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிடலாம். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். ஒரு கிகாபிட்டுக்கும் அதற்கு மேலான வேகங்களுக்கும் நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி அறுந்தாலும், இரு முனைப் போர்ட்டுகளும் பேசிப் பார்த்து, முடிந்த வேகத்துக்கு இறங்கிவிடும். எச்சரிக்கை ஒன்றும் வராது. வாட்ஸ்அப் ஓடும், யூடியூப் ஓடும், லைட்டும் எரியும். பெரிய கோப்பை நகலெடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கேபிள் முன்னறையிலிருந்து சீலிங் வழியாகப் பின்னறைக்குப் போகிறது. நீளம் இருபது மீட்டருக்குள்தான். சீலிங்கில் எலி கடித்திருக்கும் என்று நினைத்து ஏணி வைத்து ஏறினேன். எலி ஒன்றும் செய்யவில்லை. பாவம், வீண் பழி. பின்னறை முனையில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், பழுப்புக் கம்பிகளில் ஒன்று பிளக்கின் உள்பக்கச் சுவர் வரை போய்ச் சேரவேயில்லை. மற்ற ஏழும் முட்டி நிற்க, இது மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குட்டை. அதனால் பிளக்கின் உலோகப் பல் அதைக் கவ்வவில்லை. வீட்டுக்கு வயர் இழுத்த நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்.

முனையை வெட்டிவிட்டுப் புதுப் பிளக் போட்டோம். இந்த வேலையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எட்டு நிறங்களும் கேபிளின் இரு முனையிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஜோடிகளின் முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்கக் கூடாது. பிளக்குக்குள் போகும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பிரித்தால் போதும். முறுக்குத்தான் ஒரு ஜோடியின் சத்தம் பக்கத்து ஜோடிக்குப் போகாமல் தடுப்பது. வேகம் கூடக்கூட அதன் அருமை தெரியும். பிளக்கைக் கிரிம்பிங் கருவியில் வைத்து அழுத்துவதற்கு முன், அதன் முன்பக்கத்தில் எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் செருகினோம். `Speed: 1000Mb/s`. ஒரு கிகாபிட்டில் உண்மையாகக் கைக்கு வருவது விநாடிக்கு 112 மெகாபைட் அளவு. 180 கிகாபைட்டுக்கு 27 நிமிடம். நான்கு மணி இருபது நிமிட வேலை ஒரு பிளக்கில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. இத்தனைக்கும் நாங்கள் இன்னும் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்கவில்லை. தலைப்பில் 'மல்டி கிகாபிட்' என்று போட்ட எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

அப்படியென்றால் அங்கேயே நிறுத்திவிடலாமே? நகலெடுப்பதற்கு மட்டும் என்றால் நிறுத்தியிருப்பேன். ஆனால் அவர் பழைய திருமணங்களைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு அங்கிருந்தே எடிட் செய்யப் பார்க்கிறார். இரண்டு கேமராவின் காட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, நடுவில் குதித்துக் குதித்துத் தேடும்போது ஒரு கிகாபிட்டில் கை தடுமாறுகிறது. போதாததற்கு, பின்னணியில் புதுப் படம் நகலாகிக்கொண்டிருந்தால் எடிட்டிங் அப்படியே நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கால் விநாடிக்கு இருநூறு மெகாபைட் கொடுக்க முடியும்போது கம்பி 112-க்கு மேல் வாங்க மறுக்கிறது. இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே அமைந்ததுபோல் இருப்பதுதான் 2.5 கிகாபிட்.

இந்த இரண்டரை என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கிகாபிட்டுக்கான தரம் 1999-இல் வந்தது. செம்புக் கேபிளில் 10 கிகாபிட்டுக்கான தரம் 2006-இலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கு நூறு மீட்டர் தூரம் போக கேட்-6ஏ என்ற தடித்த கேபிள் தேவை. உலகம் முழுக்கக் கட்டடங்களின் சுவருக்குள் ஏற்கெனவே கிடந்ததோ கேட்-5இ. பிறகு அலுவலகங்களில் வைஃபை கருவிகள் ஒரு கிகாபிட்டைத் தாண்டும் நிலை வந்தபோது, சுவரை உடைத்துக் கேபிளை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. 10 கிகாபிட்டின் நுட்பத்தையே எடுத்து, நான்கில் ஒரு பங்கு வேகத்துக்கு நிதானப்படுத்தினார்கள். அதுதான் இரண்டரை. பாதி வேகத்துக்கு இன்னொன்று, அது ஐந்து. இரண்டுக்குமான தரத்தை ஐஇஇஇ அமைப்பு 2016-இல் வெளியிட்டது.

நமக்கு முக்கியமானது அதன் விளைவு. 2.5 கிகாபிட்டுக்குத் தேவைப்படும் அலைவரிசை 100 மெகாஹெர்ட்ஸ். கேட்-5இ கேபிள் சோதிக்கப்படுவதும் அதே 100 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். ஆகவே சரியாக முனை போட்ட கேட்-5இ நூறு மீட்டர் வரை இரண்டரையைத் தாங்கும். நம் தாமான் வீடுகளில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு இழுத்தாலும் முப்பது மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். சுவருக்குள் கேட்-5இ இருக்கிறதே என்று அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். புதிதாக இழுப்பதாக இருந்தால் மட்டும் கேட்-6 இழுங்கள். கடையில் கேட்-7, கேட்-8 என்று எழுதித் தொங்கும் தட்டை வயர்களுக்கு ஆசைப்பட வேண்டாம். வீட்டில் அந்தப் பெயர்களால் ஒரு பயனும் இல்லை.

இனி வாங்கிய பொருள்கள். சர்வர் புதிய மாடல். அதில் 2.5 கிகாபிட் போர்ட் ஏற்கெனவே இருந்தது; இத்தனை நாள் 100-இல் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. எடிட்டிங் கணினியில் ஒரு கிகாபிட் போர்ட்தான். அதற்கு, மதர்போர்டில் காலியாக இருந்த சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் 2.5 கிகாபிட் கார்டு ஒன்று. மடிக்கணினி வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி அடாப்டர் வாங்கலாம். ஆனால் அதை யுஎஸ்பி 3 துளையில்தான் செருக வேண்டும். பழைய யுஎஸ்பி 2 துளையின் வேகமே 480 மெகாபிட். அதில் செருகிவிட்டு அடாப்டரைத் திட்டக் கூடாது.

பிறகு சுவிட்ச். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். "ரௌட்டர்லயே 2.5 போர்ட் இருக்கு மாமா, எதுக்கு சுவிட்ச்?" என்று அவரும் கேட்டார். ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தோம். ஆமாம், ஒரே ஒரு 2.5 போர்ட். மற்ற மூன்றும் ஒரு கிகாபிட். கணினி 2.5-இல் ஏறிச் சர்வருக்குப் போக ஒரு கிகாபிட் போர்ட்டில் இறங்கினால், ஆறு பாதைச் சாலையில் வந்து ஒற்றையடிப் பாலத்தில் நிற்பது போலத்தான். போகும் வழியில் எது மெதுவோ அதுதான் மொத்த வேகம். ஆகவே இரண்டு இயந்திரமும் ஒரே 2.5 கிகாபிட் சுவிட்சில் ஏற வேண்டும்; அந்தச் சுவிட்சிலிருந்து ஒரு கேபிள் ரௌட்டருக்குப் போகும். அந்த ஒரு கேபிள் ஒரு கிகாபிட்டாக இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் அதில் இணையம் மட்டும்தான் போகும். அமைப்பு ஒன்றும் செய்யத் தேவையில்லாத, செருகினால் ஓடும் ஐந்து போர்ட் சுவிட்ச் போதும். விளம்பரத்தில் கிகாபிட் சுவிட்சும் 2.5 சுவிட்சும் ஒரே மாதிரிப் பெட்டியில் இருக்கும். ஒவ்வொரு போர்ட்டும் 2.5 தானா என்று படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு போர்ட் மட்டும் 2.5, மற்றவை கிகாபிட் என்ற ரகமும் உண்டு.

இரண்டே இயந்திரம்தான், வேறொன்றும் இல்லை என்பவர்களுக்குச் சுவிட்சே வேண்டாம். கணினியின் புதிய 2.5 போர்ட்டிலிருந்து சர்வரின் போர்ட்டுக்கு நேராக ஒரு கேபிள் போட்டு, ஒன்றுக்கு 10.10.10.1 என்றும் மற்றதற்கு 10.10.10.2 என்றும் கையால் முகவரி கொடுத்துவிட்டால் ஓடும். ஆனால் சர்வரில் ஒரே போர்ட் இருந்தால் வீட்டின் மற்ற கைப்பேசிகளும் டிவியும் அதை அடைய முடியாது. அக்காள் மாலையில் டிவியில் பழைய குடும்ப வீடியோ பார்ப்பவர். அதனால் எங்கள் வீட்டில் அந்த யோசனை எடுபடவில்லை.

எல்லாம் செருகியாயிற்று. இரு பக்கமும் 2500 என்று காட்டியது. அவர் உடனே ஒரு திருமணத்தை இழுத்துப் போடப் போனார். நான் தடுத்தேன். ஹார்ட் டிஸ்கைச் சேர்க்காமல் கம்பியை மட்டும் முதலில் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் குறையும்போது யாரைக் குற்றம் சொல்வதென்று தெரியாது. அதற்கு `iperf3` என்ற சிறிய இலவச நிரல் இருக்கிறது. சர்வரில் இதை ஓட்டிக் காத்திருக்கச் சொல்ல வேண்டும்:

```
iperf3 -s
```

பிறகு கணினியிலிருந்து இரண்டு திசையிலும் ஒவ்வொரு முறை. எண்கள் இருக்கும் இடத்தில் உங்கள் சர்வரின் முகவரி.

```
iperf3 -c 192.168.1.20
iperf3 -c 192.168.1.20 -R
```

நல்ல 2.5 கிகாபிட் இணைப்பில் 2.35 ஜிகாபிட் அளவு வரும். மீதி, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதும் முகவரிக்குச் செலவாவது. அதைத் தவிர்க்க முடியாது. 0.94 என்று வந்தால் வழியில் எங்கோ ஒரு கிகாபிட் போர்ட் ஒளிந்திருக்கிறது என்று பொருள். எங்களுக்கு ஒரு திசையில் 2.35 வந்தது. மறு திசையில் ஒரு முறை 1.6, அடுத்த முறை 1.1, பிறகு 1.9.

இப்படி ஏறி இறங்கினால் அது போர்ட் பிரச்சினை அல்ல. வழியில் தகவல் சிதைந்து, சிதைந்ததை மறுபடி மறுபடி அனுப்புகிறது. அதற்கும் சாட்சி உண்டு. சர்வரில் இதைக் கேட்டால் போர்ட் தான் வாங்கிய பிழைகளைக் கணக்குச் சொல்லும்:

```
ip -s link show enp2s0
```

`RX` என்ற பகுதியில் `errors` என்ற தலைப்பின் கீழ் பூஜ்யம் இருக்க வேண்டும். எங்களுக்கு ஆயிரக்கணக்கில் இருந்தது. சோதனையை ஓட்ட ஓட்ட எண் கூடிக்கொண்டே போனது. இப்போது கேபிளைத் துண்டு துண்டாகச் சந்தேகிக்க வேண்டியதுதான். சீலிங் கேபிளை விட்டுவிட்டு, அலமாரிப் பக்கம் சுவர் முனையிலிருந்து சர்வர் வரை போன ஒன்றரை மீட்டர் துண்டை மட்டும் மாற்றினோம். இரு திசையிலும் 2.35. பிழைக் கணக்கு நின்றது.

அந்தத் துண்டைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பார்த்தோம். கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. கடைக்காரர்கள் சுருக்கமாகச் சிசிஏ என்பார்கள். அதே நீளத்துக்குச் செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை உள்ளது. இரண்டு மூன்று முறை மடக்கினால் உள்ளே ஒடியும். கேட்-5இ, கேட்-6 தரங்கள் கேட்பது முழுச் செம்பு. ஆனாலும் உறையில் கேட்-6 என்று அச்சடித்து விற்கிறார்கள். கிகாபிட்டில் அது எப்படியோ தாக்குப்பிடிக்கும்; 2.5-இல் காட்டிக்கொடுத்துவிடும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். கையில் எடுத்துப் பாருங்கள். அதே அளவுள்ள கேபிளைவிட மிக லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இதற்குப் பிறகுதான் திருமணத்தை இழுத்துப் போட விட்டேன். முதல் சில விநாடிகள் திரையில் 280 மெகாபைட் என்று ஓடியது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு எண் இறங்கி 190 பக்கம் நின்றது. முகம் வாடியது. "மறுபடி கேபிளா?" இல்லை. முதல் சில விநாடிகள் சர்வர் வந்ததைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்தது. அது நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் எழுதும் வேகத்துக்கே எல்லாம் காத்திருந்தது. ஒரே தகவலை இரண்டு டிஸ்கிலும் எழுதுவதால், எழுதும் வேகம் ஒரு டிஸ்கின் வேகம்தான். அந்த டிஸ்க் நிரம்ப நிரம்ப, உள்வட்டத்துக்குப் போகப் போக இன்னும் குறையும். ஆக 180 கிகாபைட் பதினாறு நிமிடத்தில் முடிந்தது. கணக்குப்படி கம்பி மட்டும் என்றால் பதினொரு நிமிடம். கம்பி இப்போது டிஸ்குக்காகக் காத்திருக்கிறது; முன்பு டிஸ்க் கம்பிக்காகக் காத்திருந்தது.

அவர் அப்படியானால் 10 கிகாபிட்டே போட்டிருக்கலாமோ என்று ஆரம்பித்தார். அந்தச் சர்வரில் இருப்பவை ஹார்ட் டிஸ்க்குகள். பத்து போட்டாலும் அதே பதினாறு நிமிடம்தான். சர்வரில் எஸ்எஸ்டி நிரப்பும் நாள் வந்தால் அன்றைக்குப் பேசலாம். அதோடு, செம்புக் கேபிளில் 10 கிகாபிட் கார்டும் சுவிட்சும் கை வைத்தால் சுடும். துணி அலமாரிக்குப் பக்கத்தில், மின்விசிறி இல்லாத பின்னறையில், நம் ஊர் வெக்கையில் அதை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த 2.5 சுவிட்ச் வெதுவெதுப்போடு சரி.

இன்னொரு ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். மெமரி கார்டைக் கணினியில் செருகி, நேராகச் சர்வருக்கே இழுத்தால் 2.5 கிகாபிட்டால் ஒரு லாபமும் இல்லை. அவர் பயன்படுத்தும் ரகக் கார்டின் உச்ச வேகமே விநாடிக்கு 104 மெகாபைட், நடைமுறையில் தொண்ணூறு. அது ஒரு கிகாபிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். எனவே வேலை முறையை மாற்றினோம். கார்டிலிருந்து கணினியின் எஸ்எஸ்டிக்கு முதல் நகல், முப்பத்துமூன்று நிமிடம். முதல் கார்டு முடிந்ததும், இரண்டாவது கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, முதல் கார்டின் கோப்புகள் எஸ்எஸ்டியிலிருந்து சர்வருக்குப் போகத் தொடங்கும். கடைசிக் கார்டு முடிந்து ஐந்தாறு நிமிடத்தில் சர்வர் நகலும் முடிந்துவிடுகிறது. பதினொரு மணிக்கு வீடு வந்தால் பன்னிரண்டுக்கு முன்பே இரண்டு நகலும் தயார். அதோடு, சர்வருக்கும் சுவிட்சுக்கும் சேர்த்து ஒரு சிறிய யுபிஎஸ் பேட்டரியும் வாங்கச் சொன்னேன். இடி விழுந்தால் நெட்வொர்க் வேகமா மெதுவா என்று பார்த்து விழாது.

இடி என்றதும் நினைவு வருகிறது. பின்பக்கக் கொல்லையில் தனியாக ஓர் எடிட்டிங் அறை கட்டி, அங்கே கேபிளை இழுக்கப் போவதாகச் சொன்னார். ஒரே கூரையின் கீழ் செம்புக் கேபிள் சரி. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெட்டவெளியில் செம்பு இழுப்பது, மாலை தவறாமல் இடிக்கும் இந்தப் பேராக்கில் மின்னலுக்கு வழிபோட்டுக் கொடுப்பது போல. பக்கத்தில் எங்காவது விழுந்தாலே போதும், கம்பியில் ஏறும் அழுத்தம் சுவிட்சையும் சர்வரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் போடச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஃபைபர் செருகும் துளை உள்ள 2.5 சுவிட்சுகளும் கிடைக்கின்றன. அதை அறை கட்டும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் நேரத்தில் அக்காள் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்த தோட்டத்துப் படங்களை, லயத்து வாசலில் எடுத்தவை, பால் வெட்டப் போகும்போது எடுத்தவை, திருவிழாப் படங்கள் என்று ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் பதினைந்து கிகாபைட்கூட இல்லை. "கல்யாணம் பதினாறு நிமிஷத்துல போகுது. அதுல பத்துல ஒண்ணுகூட இல்லாத அம்மா படம் மட்டும் ஏன்டா இவ்வளவு நேரம் ஆகுது?" என்றார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு சிறிய கோப்புக்கும் கணினியும் சர்வரும் திற, பெயர் எழுது, மூடு என்று பலமுறை பேசிக்கொள்ள வேண்டும். ஹார்ட் டிஸ்கின் ஊசியும் ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டும். அந்தப் பேச்சுக்கு ஆகும் நேரம் கம்பியின் அகலத்தால் குறையாது. வருடவாரியாக ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பச் சொன்னேன். கட்டி முடித்த முதல் மூட்டை போய்ச் சேர்வதற்குள் தேநீர் ஆறவில்லை.